சுருள் தாடியும் சவரப் பருக்களும்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது, என்னிடம் முன்னர் உயிரியல் பயின்ற மாணவன் ஒருவன் தன் தாயாருடன் வீட்டிற்கு வந்திருந்தான். கொழும்பிலே ஒரு விடுதியில் உபசரணைப் பயிற்சியாளனாகச் சேர்ந்து அப்போது இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. வெப்பம் மிகுந்த அந்த மாலையிலும் அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டியிருந்ததே எனக்கு முதலில் வியப்பாயிருந்தது. தாயார் வற்புறுத்தியதன் பேரில் அவன் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைக் காட்டினான். தாடையின் கீழ்ப்புறம் முழுவதும் மிளகளவில் கருமையும் செம்மையும் கலந்த புடைப்புகள். அவற்றிற் சில சீழ் கோத்திருந்தன. காதின் கீழே இரண்டு தடித்த தழும்புகளும் இருந்தன.

“இது முகப்பரு தானே, மாஸ்ரர்? வயது வந்தாற் போய்விடும் என்று இவன் தகப்பனார் சொல்லுகிறார்” என்றார் தாயார். சந்தனம் அரைத்துப் பூசியாயிற்று, மஞ்சள் பூசியாயிற்று, அயல் வீட்டார் கொடுத்த ஏதோ ஒரு களிம்பும் பூசியாயிற்று. ஒன்றாலும் குணமில்லை. விடுதி விதிப்படி பயிற்சியாளர் நாள்தோறும் முகத்தை மழமழவென்று சவரம் செய்துகொண்டே பணிக்கு வரவேண்டும். மூன்று மாதப் பரீட்சைக் காலம் முடிகின்ற தருணத்தில் முகத்தோற்றத்தையும் பார்ப்பார்களாம். “சேர், சவரம் செய்யாமற் போனாற் கண்டிக்கிறார்கள், செய்துகொண்டு போனால் இரத்தம் கசிகிறது, விருந்தினர் முகஞ்சுளிக்கிறார்கள்” என்றான் பையன்.

நான் வைத்தியன் அல்லேன். ஆயினும் மயிர்க்குழியின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து வரைந்து பழகியவன் ஆதலால், ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து அவன் கழுத்தைப் பார்த்தேன். புடைப்பொன்றின் ஓரத்திலிருந்து கரிய மயிரொன்று வெளிவந்து, வில்லாக வளைந்து, சற்றே தள்ளி மீண்டும் தோலுக்குள்ளேயே புகுந்திருந்தது. இன்னொன்றிலும் அவ்வாறே. முகப்பருவில் இக்காட்சியைக் காணமுடியாது. மறு கிழமை அவனைப் பார்த்த தோல் வைத்திய நிபுணரும் இதனையே உறுதிப்படுத்தினார். வைத்திய நூல்கள் இதற்குச் சூடோபொலிக்குலைற்றிஸ் பாபே என்னும் நீண்ட பெயரை வைத்திருக்கின்றன. போலி மயிர்க்குழி அழற்சி என்று நாம் அதனைச் சொல்லலாம். ‘போலி’ என்பதற்குக் காரணம் உண்டு. உண்மையான மயிர்க்குழி அழற்சி கிருமியால் உண்டாவது. இதுவோ மனிதனுடைய சொந்த மயிரே அவனுடைய தோலைக் குத்துவதால் உண்டாவது.

அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதை விளங்கிக்கொண்டால், செய்யவேண்டியவை யாவும் தாமே புலப்படும். நேரான மயிர் நேரான குழியிலிருந்து முளைக்கின்றது. சுருண்ட மயிரின் குழியோ தோலுக்குள்ளேயே வளைந்திருக்கும். அங்கிருந்து வரும் மயிர் வெளியில் வந்தபின்னரும் தன் வளைவைக் கைவிடுவதில்லை. அதனை அடியோடு ஒட்டச் சவரம் செய்துவிட்டால், அடுத்த ஓரிரு நாட்களில் முளைக்கும் குட்டையான முனை தோலின் பக்கமாகவே வளைந்து, தான் வெளிவந்த இடத்திற்கு அருகிலேயே மீண்டும் தோலைத் துளைத்துக்கொண்டு உட்புகுகின்றது. இது முதலாவது வழி.

இரண்டாவது வழி இதனினும் மறைவானது. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அல்லது மயிர் வளரும் திசைக்கு எதிராகச் சவரம் செய்தால், மயிர் சற்று மேலே இழுபட்ட நிலையில் வெட்டப்படுகின்றது. கையை விட்டதும் அது தோல் மட்டத்திற்குக் கீழே இறங்கிவிடுகின்றது. கத்தியாற் சரிவாக வெட்டுண்ட அதன் முனை ஈட்டி போலிருக்கும். அம்முனை வளரத் தொடங்கும்போது வெளியே வரும் வழியைத் தேடாமல் குழியின் சுவரையே துளைத்துவிடுகின்றது. தோலுக்குள் புகுந்த மயிரை உடம்பு ஒரு முள்ளாகவே கருதி எதிர்க்கின்றது. வீக்கமும் சிவப்பும் சீழும் அந்த எதிர்ப்பின் விளைவுகளே. சீழைக் கண்டதும் கிருமி என்று நாம் எண்ணுகிறோம்; பெரும்பாலும் தொடக்கத்திலே கிருமி அங்கு இருப்பதில்லை. முள்ளை எடுக்காமல் மருந்தை மாத்திரம் பூசினால் எவ்வாறு ஆறும்?

இவ்விரு வழிகளையும் அமெரிக்கத் தோல் வைத்தியர்களான ஜோன் ஸ்ட்ராஸ், ஆல்பர்ட் கிளிக்மன் ஆகிய இருவரும் 1956ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில் விவரித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே இந்நோய் பேசப்பட்டதற்கு முக்கிய காரணம் இராணுவம். நச்சுப் புகைக்கு எதிரான முகமூடி காற்றுப் புகாது முகத்தோடு ஒட்டவேண்டும் என்பது உட்படப் பல காரணங்களால் அங்கே முகச்சவரம் கட்டாயமாயிற்று. சுருள் மயிருடைய கறுப்பின வீரர்களுக்கோ அக்கட்டாயம் பெருந்துன்பமாயிற்று. சவரம் செய்யும் கறுப்பின ஆண்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேரையோ அதற்கும் மேற்பட்டோரையோ இந்நோய் வருத்துவதாக மதிப்பிடப்படுகின்றது. 1970ஆம் ஆண்டில் அட்மிரல் சம்வால்ட் கடற்படையினர் தாடி வளர்க்க அனுமதி வழங்கினார்; 1980களின் நடுப்பகுதியில் அது மீண்டும் நீக்கப்பட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஓர் உணவு நிறுவனம் இந்நோயுடைய கறுப்பின ஊழியர் ஒருவரைத் தாடி காரணமாக வேலையிலிருந்து நீக்கியது. அது நீதிமன்றம் வரை சென்று, அத்தகைய விதி கறுப்பின ஆண்களையே பெரிதும் பாதிக்கின்றது என்றும், அவ்விதிக்குத் தொழில் அவசியம் இருப்பதாக நிறுவனம் நிரூபிக்கவில்லை என்றும் 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர்க்குள்ளும் சுருட்டை மயிர்க்காரர் பலர் உளர். அவர்களுக்கு இது வரும்போது முகப்பரு என்று ஒதுக்கிவிடுகிறோம் என்பதுதான் வேறுபாடு.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். 1971இல் இரட்டை அலகுச் சவரக்கத்தி கடைக்கு வந்தது. முதலாவது அலகு மயிரைச் சற்று மேலே இழுக்க, அது பின்வாங்குமுன் இரண்டாவது அலகு வெட்டுகின்றது. பின்னர் மூன்று, நான்கு, ஐந்து அலகுகளும் வந்துவிட்டன. நேர்மயிர்க்காரருக்கு அது வழுவழுப்பைத் தருகின்றது. சுருட்டை மயிர்க்காரருக்கோ அஃது அந்த இரண்டாவது வழியைத் திறந்துவைக்கும் கருவி. என் மாணவன் வைத்திருந்ததும் அவன் மாமனார் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஐந்து அலகுக் கத்தியே. அவன் அதனைப் பெருமையோடு எனக்குக் காட்டினான்.

நிற்க. வேறு நோய்களோடு இதனை மயக்கிக்கொள்ளாதிருப்பது மிகவும் அவசியம். முகப்பரு என்றால் நெற்றி, மூக்கு, முதுகு ஆகிய இடங்களிலும் இருக்கும், கரும்புள்ளிகளும் காணப்படும். சவரப் புடைப்போ கத்தி படுமிடத்தில் மாத்திரம், அதிலும் தாடைக்குக் கீழே கழுத்தில், வரும். கழுத்திலே மயிர் ஒரே திசையில் வளராமற் சுழன்று வளர்வதே அதற்குக் காரணம். மேலுதட்டில் இது பெரும்பாலும் வருவதில்லை. கிருமியால் வரும் அழற்சியில் ஒவ்வொரு சீழ்க்கொப்புளத்தின் நடுவிலும் ஒரு மயிர் நிமிர்ந்து நிற்கும். தாடியிற் படர்தாமரை வந்தால், செதில் உதிரும். மயிர் இலேசாகப் பிடுங்கவரும். இந்த இறுதி நோய்க்கு, மருந்துக்கடையில் தாமாகவே வாங்கும் ஸ்ரிரொயிட் கலந்த களிம்பைப் பூசினால், முதலில் சிவப்புக் குறைவது போலத் தோன்றிப் பின்னர் பூஞ்சணம் பரவிவிடும். அயல்வீட்டுக் களிம்பு என்னவென்று நான் கேட்டதற்குக் காரணம் அதுவே. அது அத்தகைய களிம்புதான். வைத்தியர் அதனை உடனே நிறுத்தச் சொன்னார்.

அவர் அடுத்துச் சொன்னது தாயாருக்குத்தான் அதிக வருத்தத்தைத் தந்தது. நான்கு கிழமைகளுக்குக் கத்தி முகத்திற் படவே கூடாது. இதற்கும் ஒரு கணக்குண்டு. தாடி மயிர் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை வளரும். உள்ளே புகுந்த மயிர் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் நீளத்தை அடையும்போது அதன் வளைவே ஒரு சுருள்வில்லாகித் தன் முனையைத் தோலிலிருந்து தானே இழுத்தெடுத்துவிடும். அதற்குச் செல்லும் காலந்தான் அந்த நான்கு கிழமை. இடையிற் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: முதலாவது கிழமையில் நோய் மோசமடைவது போலத் தோன்றும். வெட்டுண்டு உள்ளே கிடந்த முனைகள் அப்போதுதான் வளைந்து உட்புகுவதே அதற்குக் காரணம். தெரியாதவர் அந்நாட்களில் மனந்தளர்ந்து மீண்டும் கத்தியை எடுத்துவிடுகின்றனர். வளையம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றது.

விடுதிக்கு வைத்தியரின் கடிதம் கொடுக்கப்பட்டது. மேற்பார்வையாளர் அதனை இரண்டு முறை வாசித்துவிட்டு, பையனை விருந்தினர் முன் நிறுத்தாமல் ஒரு மாதம் துவாய்களும் படுக்கை விரிப்புகளும் வைக்கும் களஞ்சிய அறையில் கணக்கெழுத விட்டார். பையனுக்கு அது தண்டனையாகத் தோன்றியது. எனக்கோ அது மருந்தின் ஒரு பகுதியாகத் தோன்றியது.

அந்த ஒரு மாதத்தில் அவன் செய்தவை இவை. காலை, மாலை, படுக்கைக்குப் போகுமுன் ஆகிய மூன்று வேளைகளிலும், கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் துவாயை நனைத்துப் பிழிந்து பத்து நிமிடங்கள் கழுத்தில் வைத்தான். இரவில் மென்மையான பற்தூரிகையால், சவர்க்கார நுரையோடு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தான். புதைந்து கிடக்கும் முனைகளை அது கிளப்பிவிடும். தோலுக்கு மேல் வளையமாகத் தெரிகின்ற மயிர்களை மட்டும், சாராயத்தினால் துடைத்த ஊசியின் முனையை வளையத்தினுள் நுழைத்து, நுனி வெளிவரும்வரை மெல்லத் தூக்கிவிட்டான். ‘சாராயம்’ என்றதும் தாயார் திடுக்கிட்டார். மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட் என்று விளக்கவேண்டியிருந்தது.

தூக்கிவிடுவது வேறு, பிடுங்குவது வேறு. அதுவரை அவன் சாமணத்தால் பிடுங்கிக்கொண்டே இருந்திருக்கிறான். பிடுங்கிய மயிர் போய்விட்டதென்று எண்ணலாம். ஆனால் அதே வளைந்த குழியிலிருந்து புதிய மயிர் கூரிய முனையோடு மீண்டும் புறப்படும்போது, குழியின் சுவரையே துளைக்கும். சீழுள்ள இடத்தைத் தோண்டினாலோ தழும்புதான் மிஞ்சும். அவன் காதின் கீழ் உண்டான தடிப்புகள் அத்தகைய தோண்டல்களால் வந்தவையே என்று வைத்தியர் கருதினார்.

வீக்கம் அதிகமாயிருந்த இடங்களுக்கு வைத்தியர் ஒரு வீத ஹைட்ரோகோட்டிசோன் களிம்பைச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்தார். சீழ் இருந்த இடங்களுக்கு ஐந்து வீத பென்சோயில் பேரொக்சைட். இந்த இரண்டாவது மருந்து துணியின் சாயத்தை நீக்கிவிடும் என்று அவர் எச்சரித்தும், பையன் தாயாரின் நீல நிறத் தலையணை உறையில் வெள்ளைப் படங்களை வரைந்துவிட்டான். பின்னர் இரவு வேளைகளில் ட்ரெட்டினோயின் என்னும் களிம்பைப் பயறளவு பூசும்படி சொன்னார். அதனைப் பூசினால் தோல் உரிந்து, வெயில் பட்டால் எரிச்சலுண்டாகும். ஆகவே இரவில் மட்டும். அதனைத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தும் வழியைத் திறந்தவரும் மேற்சொன்ன கிளிக்மனே என்பது எனக்கு ஒரு சுவையான செய்தியாகப் பட்டது.

முதற் கிழமை அவன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “கூடிவிட்டது சேர்” என்றான். மூன்றாவது கிழமையில் அரிப்பு மிகுந்தது. 27ஆம் நாள் வந்தபோது கண்ணாடியால் மறுபடியும் பார்த்தேன். வளையங்களிற் பெரும்பாலானவை திறந்துவிட்டிருந்தன. புடைப்புகள் தட்டையாகிக் கருநிறப் புள்ளிகளாக மாறியிருந்தன. அக்கருமை மறைய மாதக்கணக்கில் ஆகும். வெயில் அதனை நீடிக்கச் செய்யும்.

இனிச் சவரத்தைத் தொடங்கலாம். ஆனால் பழைய முறையில் அன்று. ‘மழமழவென்று’ என்ற சொல்லையே அவன் மறந்துவிடவேண்டும். மயிர் தோலுக்கு மேலே ஒரு மில்லிமீற்றராவது எஞ்சியிருந்தால், அதன் முனை உட்புக இயலாது. இதுவே முழு இரகசியம். அதற்கு மிகப் பாதுகாப்பான கருவி கத்தியன்று, சலூன்களில் வைத்திருக்கும் மயிர் வெட்டும் மின்னியந்திரமே. அதனை ஒரு மில்லிமீற்றர் அளவிற்குப் பொருத்தி, தோலோடு அழுத்தாமல், இரண்டு நாட்களுக்கொரு முறை ஓட்டினாற் போதும். இரண்டடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது சவரம் செய்த முகமாகவே தோன்றும். விடுதி மேற்பார்வையாளருக்கும் அவ்வாறே தோன்றியது. பையன் மறுபடியும் விருந்தினர் கூடத்திற்குப் போனான்.

கத்தியையே பயன்படுத்தவேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் ஒற்றை அலகுக் கத்தியை நாடவேண்டும். குளித்து முடித்த பின்னரோ, வெந்நீர்த் துவாயை ஐந்து நிமிடங்கள் வைத்த பின்னரோ சவரம் செய்வது நல்லது. நீர் ஊறிய மயிர் மென்மையாகி, வெட்டுண்ட முனையும் அவ்வளவு கூராக இராது. உலர்ந்த மயிரை வெட்டினால் ஈட்டி முனைதான் கிடைக்கும். நுரையைப் பூசியதும் கத்தியை எடுத்துவிடாது இன்னும் சில நிமிடங்கள் பொறுக்கலாம். அடுத்து, விரலால் கழுத்தைத் தடவி, மயிர் எத்திசையிற் சாய்ந்திருக்கின்றது என்பதை அறியவேண்டும். வழவழப்பாக உணரும் திசையே மயிரின் திசை, சொரசொரப்பது எதிர்த்திசை. என் மாணவனுக்குக் கழுத்தின் வலப்புறம் மயிர் கீழ்நோக்கியும், இடப்புறம் பக்கவாட்டிலும், குரல்வளையின் அருகில் மேல்நோக்கியும் வளர்ந்திருந்தன. அவனோ முழுக் கழுத்தையும் கீழிருந்து மேலாகவே வழித்துவந்திருக்கிறான். ஆகவே, ஒரு தாளில் கழுத்தை வரைந்து அம்புக்குறிகள் இட்டு, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கச் சொன்னேன்.

அந்தத் திசைகளையே பின்பற்றி, குறுகிய இழுப்புகளாக, இடது கையால் தோலை இழுத்துப் பிடியாமல் வழிக்கவேண்டும். ஓர் இடத்தில் இரு தடவைக்கு மேல் கத்தி போகலாகாது. ஒவ்வோர் இழுப்புக்கும் பின்னர் அலகைக் கழுவவேண்டும். மழுங்கிய அலகு மயிரை வெட்டாமற் பிடுங்கும். ஆகவே இழுபடும் உணர்ச்சி வந்தவுடன் அலகை மாற்றிவிடலாம். முடிவிற் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சில நிமிடங்கள் வைத்துவிட்டு, வாசனையில்லாத ஏதேனும் மென்களிம்பைப் பூசலாம். எரிச்சலை உண்டாக்கும் வாசனைத் திரவம் வேண்டியதில்லை. நாள்தோறும் சவரம் செய்வதா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடுண்டு. ஒட்ட வெட்டாமல் இருப்பதே அதிலும் முக்கியம் என்பது எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

மயிரைக் கரைக்கும் களிம்புகளும் தூள்களும் உள்ளன. அவை முனையைக் கத்தியைப் போலக் கூராக்காமல் மழுங்கச் செய்வதால், சிலருக்கு நல்ல பலன் தருகின்றன. எனினும் அவை தோலையும் கரைக்கும் ஆற்றலுடையவை. முன்கையில் ஒரு சிறு இடத்திற் பூசி இரண்டு நாட்கள் பார்த்த பின்னரே முகத்தில் இடலாம். உறையிற் குறித்துள்ள நேரத்திற்கு மேல் ஒரு நிமிடமும் விட்டுவைக்கலாகாது. அடுத்த முறைக்கு மூன்று நாட்களாவது செல்லவேண்டும். புண்ணுள்ள கழுத்தில் அவற்றை இடவே கூடாது.

லேசர் பற்றியும் பையன் கேட்டான். வெளிநாட்டில் உள்ள மாமனார் அதற்கும் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாராம். மயிரை வேருடன் அழிப்பதால் நோயை அடியோடு குறைக்கக்கூடியது அதுவே. ஆனால் லேசர் ஒளி மயிரின் கருமையைத் தேடிச் செல்வது. கரிய தோலிலும் அதே கருமை இருப்பதால், தவறான லேசர் தோலைச் சுட்டுவிடும். 1064 நானோமீற்றர் அலைநீளமுடைய என்டி-யாக் என்னும் வகையே கரிய தோலுக்கு ஏற்றது. பல அமர்வுகள், அவற்றிற்கிடையே நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை இடைவெளி. தாடி மெலிந்துபோகும்; பின்னாளில் தாடி வளர்க்கவேண்டுமென்றால் அது முடியாது. இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது அவசரமான காரியமன்று என்று வைத்தியரும் சொன்னார்; நானும் அவ்வாறே எண்ணுகிறேன்.

காதின் கீழிருந்த இரு தழும்புகள் மட்டும் மருந்தில்லாமற் போகாதவை. அவற்றினுள் ஸ்ரிரொயிட் மருந்தை ஊசியால் ஏற்றுகிறார்கள்; மாதம் ஒன்றாக மூன்று ஊசிகள் போட்டதில் ஒன்று தட்டையாகிவிட்டது, மற்றது இன்னும் சிறிது தூக்கலாகவே இருக்கின்றது. பையன் பரீட்சைக் காலத்தை முடித்து நிரந்தரமாகிவிட்டான். போன கிழமை வந்தபோது கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது. ஐந்து அலகுக் கத்தி எங்கே என்று கேட்டேன். “தகப்பனாருக்குக் கொடுத்துவிட்டேன், சேர். அவருக்கு நேர்மயிர்” என்றான்.